புனித வாரத்தின் ஒவ்வொரு நாளும் எதை நினைவுகூர்கிறது?

"ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் எந்த நாள் எதற்கு? பெரிய வெள்ளியன்று பூசை ஏன் கிடையாது?"

கத்தோலிக்க வழக்கப்படி சொல்கிறேன். குருத்து ஞாயிறு, இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்ததை நினைவுகூர்கிறது. அன்று மந்திரித்த ஓலைகளைப் பலரும் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவற்றை எரித்த சாம்பலைத்தான் அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுவது.

திங்களன்று, பெத்தானியாவில் மரியா இயேசுவின் பாதங்களில் நறுமணத் தைலம் பூசிய வாசகம் வரும். செவ்வாயும் புதனும் யூதாசின் துரோகத்தைப் பற்றியவை. 30 வெள்ளிக்காசுக்குப் பேரம் பேசியது புதன் வாசகத்தில் வருகிறது.

பெரிய வியாழன் மாலை கடைசி இராவுணவு. நற்கருணையும் குருத்துவமும் ஏற்பட்ட நாள். குருவானவர் குனிந்து, பொதுவாகப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். 'உன்னதங்களிலே' பாடும்போது ஒலிக்கும் மணி அதோடு ஓய்ந்துவிடும். பல கோயில்களில் அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பூசை முடிந்ததும் பீடத்துத் துணியையும் எடுத்துவிடுவார்கள்.

வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள். பலிப்பூசையில் நினைவுகூரப்படும் அந்தச் சாவையே அன்று கோயில் நேரடியாகத் தியானிக்கிறது. அதனால் தொன்றுதொட்டு அன்று பூசை கிடையாது. பெரும்பாலும் மூன்று மணிக்கு வழிபாடு, சிலுவையை முத்தமிடுதல். நற்கருணை உண்டு, ஆனால் அது வியாழன் பூசையில் புனிதப்படுத்தி வைத்தது.

சனி, அவர் கல்லறையில் இருந்த நாள். பகலில் பூசை இல்லை. இரவு இருட்டில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி ஏற்றுவார்கள். 'உன்னதங்களிலே' பாடலோடு மணி மறுபடி ஒலிக்கும்.