ஸ்லைடில் வைத்த வீடியோ வேறு கணினியில் ஓட: கேள்வி பதில்

விண்டோஸில் இயங்கும் பவர்பாயிண்டை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி: என் மடிக்கணினியில் நன்றாக ஓடிய வீடியோ, கருத்தரங்கக் கூடத்துக் கணினியில் ஓடவில்லை. படம் மட்டும் தெரிந்தது. பென் டிரைவில் 3 எம்பி ஸ்லைடு கோப்பை மட்டும் கொண்டு போனேன். வீடியோ 140 எம்பி.

நீங்கள் தந்த இரண்டு எண்களே விடையைச் சொல்லிவிட்டன. 140 எம்பி வீடியோவை விழுங்கிய கோப்பு 3 எம்பியாக இருக்க முடியாது. உள்ளே இருந்தது வீடியோ அன்று, `C:\Users` என்று தொடங்கும் ஒரு முகவரி மட்டுமே. அந்த முகவரி கூடத்துக் கணினியில் இல்லை. முதல் காட்சியின் படம் மட்டும் ஸ்லைடிலேயே தங்கிவிடுவதால், வீடியோவும் வந்திருக்கிறது என்று எல்லோரும் ஏமாறுகிறோம்.

வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் `Insert` பொத்தானை நேராக அழுத்தினால், 2010 பதிப்பிலிருந்து வீடியோ கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறியைத் திறந்து `Link to File` கொடுத்தால் முகவரி மட்டும் சேரும். 2007 வரை முகவரி வழி ஒன்றுதான் இருந்தது. ஆகவே பழைய ஸ்லைடுகளைத் திருத்திப் பயன்படுத்துவோரிடம் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. வீடியோவை நீக்கிவிட்டு `Insert` வழியாக மீண்டும் சேர்த்துச் சேமியுங்கள். கோப்பு 140 எம்பிக்கு மேல் போகிறதா என்று பாருங்கள்.

புறப்படும் முன், உங்கள் கணினியிலுள்ள மூல வீடியோவின் பெயரை மாற்றிவிட்டு ஸ்லைடை மூடித் திறந்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஓடினால் வீடியோ உள்ளே இருக்கிறது.

பள்ளி ஆசிரியர்: pptx கோப்பின் பின்னொட்டை `.zip` என்று மாற்றித் திறந்தேன். `ppt/media` கோப்புறையில் வீடியோ இருக்கிறது. இனி எந்தக் கணினியிலும் ஓடும்தானே, ஐயா?

பாதி சரி. வீடியோ உடன் பயணம் செய்யும் என்பது உறுதி; போய்ச் சேரும் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஐபோனில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டிருக்கும், அதற்கான நீட்சி நிறுவப்படாத விண்டோஸ் கணினியில் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாக நிற்கக்கூடும். எம்பி4 என்பது வெளிப்பெட்டியின் பெயர்தான். உள்ளே படம் எச்.264 முறையிலும் ஒலி ஏ.ஏ.சி. முறையிலும் இருந்தால் பெரும்பாலான இடங்களில் சிக்கல் வராது. அப்படி மாற்றிய பிறகு ஸ்லைடில் சேருங்கள். நான் சொன்ன பெயர் மாற்றும் சோதனை இந்தக் குறையைக் காட்டாது. அதற்கு இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

விழா ஏற்பாட்டாளர்: பத்து வருடமாக லிங்க் மட்டும்தான் வைக்கிறேன். எல்லா வீடியோவையும் உள்ளே சேர்த்தால் கோப்பு 2 ஜிபி ஆகிறது. விழா தொடங்கும் நேரத்தில் வீடியோவை மாற்றித் தருகிறார்கள். லிங்க்கைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் வேலைக்கு அது பொருந்தும். முதலில் ஒரு கோப்புறையை உருவாக்கி, வீடியோக்களையும் ஸ்லைடு கோப்பையும் அதில் வைத்துச் சேமித்து, அதன் பிறகே இணைத்து, கோப்புறையை முழுதாக எடுத்துச் செல்வீர்கள் என்று நம்புகிறேன். புதிய வீடியோவைப் பழைய பெயரிலேயே அங்கே போட்டுவிட்டால் ஸ்லைடைத் தொடவே வேண்டாம். இந்த வசதி உள்ளே சேர்ப்பதில் கிடையாது.

விழா ஏற்பாட்டாளர்: அப்படியென்றால் மற்றவர்களுக்கும் அதையே சொல்லலாமே?

கோப்புறையோடு நீங்களே மேடைக்குப் போகிறீர்கள். மற்றவர்களின் ஸ்லைடையோ கூடத்து ஊழியர் பென் டிரைவிலிருந்து pptx ஒன்றை மட்டும் டெஸ்க்டாப்பில் போட்டுத் திறப்பார். அந்த ஒரு நகர்த்தலில் லிங்க் அறுந்துவிடும். பிறர் கையால் திறக்கப்படும் கோப்புக்கு உள்ளே சேர்ப்பதையே சொல்வேன். நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும்.

இல்லத்தரசி: மகனின் ஸ்லைடில் யூடியூப் வீடியோ சேர்த்தோம். அதுவும் உள்ளே இருக்குமா?

இருக்காது. வகுப்பறையில் இணையம் இருந்தால்தான் ஓடும்.

கணக்காளர்: ஸ்லைடை மேலாளருக்கு மெயிலில் அனுப்பினேன். அவருக்கு வீடியோ ஓடவில்லை. ஏன்?

மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள். கோப்பின் அளவைச் சொல்லாமல் கேட்டால் என்னால் ஊகிக்கத்தான் முடியும். மூல வீடியோவின் பெயரை மாற்றிப் பார்த்தீர்களா?

கணக்காளர்: மாற்றினேன். என் கணினியிலேயே ஓடவில்லை. உள்ளே சேர்த்தால் 90 எம்பி ஆகிறது, மெயில் ஏற்கவில்லை.

ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25 எம்பி. `File`, `Info` பக்கத்தில் `Compress Media` கொடுத்து 720p தேர்ந்தெடுங்கள், போதவில்லையென்றால் 480p. சிறிய எழுத்துகள் வரும் திரைப்பதிவு என்றால் 480p-யில் அவை மங்கும், ஆகவே நகலில் செய்து பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, மேலாளரைப் பதிவிறக்கித் திறக்கச் சொல்லுங்கள்.