கிளைக்குக் கிளை ஷ்ரிங்கேஜ் மாறினால் எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் முதல் கிளைக்கு ஷ்ரிங்கேஜ் 0.5%, இரண்டாவதுக்கு 1.5%. இரண்டாவதில் திருட்டு நடக்கிறதா?

அதற்கு முன், கணக்கில் உள்ளதைவிட எண்ணும்போது குறையும் சரக்கின் சதவீதமான இந்த ஷ்ரிங்கேஜுக்கு எதை எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள். முதல் கிளையில் புக் ஸ்டாக், அதாவது கணக்குப்படி இருக்க வேண்டிய சரக்கு, 20 லட்சம், எண்ணியது 19.70 லட்சம். குறைந்த 30,000 ரூபாயை 60 லட்சம் விற்பனையால் வகுத்து 0.5% போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் 12 லட்சத்துக்கு 18,000 குறைவு. அதை புக் ஸ்டாக்காலேயே வகுத்திருக்கிறார்கள். அங்கே விற்பனை 18 லட்சம், ஆக அதே கணக்கில் 1% தான் வரும். மூன்று மடங்கு என்று பயந்தது இரண்டு மடங்காகிவிட்டது. விற்பனையால் வகுப்பதுதான் ஒப்பிடச் சரி. ஆனால் போன எண்ணிக்கையிலிருந்து இந்த எண்ணிக்கை வரையுள்ள விற்பனையையே எடுக்க வேண்டும். ஒரு கிளை கொள்முதல் விலையிலும் மற்றது எம்.ஆர்.பி.யிலும் மதிப்புப் போட்டிருந்தால் ஒப்பீடே செல்லாது.

கேள்வி: ஒரே சோப்பு குடோனில் 48 குறைவு, கிளையில் 48 அதிகம். இரண்டையும் அட்ஜஸ்ட் செய்துவிடலாமா?

வேண்டாம். எண்ணிக்கை அச்சாக ஒத்துப்போனால் டிரான்ஸ்ஃபர் பதிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். 24 சோப்பு கொண்ட இரண்டு பெட்டி மார்ச் 30 மாலை வண்டியில் போயிருக்கும். குடோனில் வெளியேற்றமும் கிளையில் வரவும் ஏப்ரல் 1-ல்தான் ஏறியிருக்கும். மார்ச் 31 எண்ணும்போது குடோன் புக்கில் அந்த 48 இன்னும் இருக்கும், கிளை புக்கில் இருக்காது. எண்ணும் நாளுக்கு முந்தைய கடைசி ஐந்து டெலிவரி சலான்களையும் அடுத்து வந்த முதல் ஐந்தையும் எடுத்து, வண்டி கிளம்பிய தேதி, இறங்கிய தேதி, கணினியில் ஏறிய தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விடை அங்கேயே தெரியும்.

அட்ஜஸ்ட் செய்தபின் அந்தப் பதிவும் ஏறினால் குடோன் புக்கில் 48 இரண்டு முறை கழியும், கிளை புக்கில் இரண்டு முறை கூடும். அடுத்த எண்ணிக்கையில் குடோனில் அதிகம், கிளையில் குறைவு என்று அறிக்கை தலைகீழாக வரும். சரக்கு வண்டியில் இருக்கும்போது எண்ண நேர்ந்தால், "வழியில் உள்ள சரக்கு" என்று தனி குடோன் பெயரில் வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு லிட்டர் எண்ணெய் 30 குறைவு, அரை லிட்டர் 30 அதிகம். மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாமா?

பில்லில் அளவு மாறி அடித்ததற்கான அறிகுறி இது. கொள்முதல் விலை 280, 150 என்றால் 8,400 குறைவு, 4,500 அதிகம். மிஞ்சும் 3,900 ரூபாய் நிஜ நட்டம். இரண்டு வரிகளையும் தனித்தனியே திருத்துங்கள். வித்தியாசம் 11, 23 என்று பெட்டி அளவைவிட ஒன்று குறைந்த எண்ணாகவோ அதன் மடங்காகவோ வந்தால் பெட்டியைப் பீஸ் என்று பதிந்தார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: மிச்சக் குறைவை எப்போது ரைட் ஆஃப் செய்வது?

மேலே சொன்னவற்றைப் பார்த்து, அந்தச் சரக்கை வேறொருவர் மறுபடி எண்ணிய பிறகு. சி.ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(h) பிரிவின்படி தொலைந்த, திருடுபோன, ரைட் ஆஃப் செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். பதிவுப் பிழையை நட்டமாக எழுதினால் அந்த வரியையும் வீணாகக் கட்டுவீர்கள்.