கூடம் கோணல்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழிக்கு ஒரு மாணவன் ‘வீட்டைக் கோணலாகக் கட்டக்கூடாது’ என்று பொருள் எழுதியிருந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும். பிறகு ஏன் பிடிபடவில்லை?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு பையன் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. கூடம் கோணல் என்று அவள் சொல்கிறாள். அது பொய் என்று அந்த வரியில் எங்கேயும் இல்லையே!

பொய் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆம்’. ‘என்றாள்’ என்றால் வெறும் தகவல். ‘என்றாளாம்’ என்றதும் நாலு பேர் வாயில் புகுந்து வந்த கதையாகிவிடுகிறது, கூடவே உதட்டோரம் ஒரு நக்கலும். காதால் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தானாக வரும். பாடப்புத்தகத்தில் படித்தவனுக்கு அது வெறும் விகுதி.

அதோடு, ஆட்டமும் கூடமும் வேறு எதற்கோ நிற்கின்றன. எதற்கு என்பது பழமொழிக்கு வெளியே இருக்கிறது. தொல்காப்பியம் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம் என்றெல்லாம் இலக்கணம் சொல்லிவிட்டு, ‘குறித்த பொருளை முடித்தற்கு’ வருவது என்கிறது. ஏற்கனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அதை முடித்துவைக்கப் பழமொழி வரும். தேர்வுத்தாளில் அந்தப் பேச்சையே வெட்டி எறிந்துவிட்டு, முடிப்பை மட்டும் கொடுத்துப் பொருள் கேட்கிறோம்.

தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.’ சட்டியில் குழம்பு இல்லாவிட்டால் எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் வராது. உள்ளே சரக்கு இல்லாதவனிடம் எதிர்பார்க்காதே என்பதற்குச் சொல்வது. தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிய அகப்பை அடுப்படியை விட்டுப் போய், எவர்சில்வர் கரண்டி வந்தது. பொருள் போனதும் சொல் அநாதையாயிற்று. உடனே, சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்று ஒரு ‘உண்மையான விளக்கம்’ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. குழம்புச் சட்டியை வைத்தே நேராகப் பொருள் வரும்போது விரதம் எதற்கு?

அடுத்த வகுப்பில் பொருள் கேட்காதீர்கள். பூப்பந்தில் தோற்றவன் மட்டையின் நரம்பு தளர்ந்துவிட்டது என்கிறான். அவன் போன பிறகு நண்பர்கள் இருவர் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அதையே அவன் முகத்துக்கு நேரே சொல்லலாமா என்றும் கேளுங்கள். நண்பனிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். தோற்றவர் உங்கள் தலைமை ஆசிரியராக இருந்தால், பொருள் சரியாகவே இருந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. இந்த இரண்டாவது கேள்வியில்தான் பையன்கள் அதிகம் தடுமாறுவார்கள்.