நுரை நிற்காத காபி

வணக்கம்.

நாங்கள் இருவர். மூன்று ஸ்பூன் தூள் போட்டு, பில்டரின் மேல் பாத்திரம் நிறையக் கொதிநீர் ஊற்றுகிறேன். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. நிறம் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் காபி சப்பென்று ஆகிறது. அதனால் டம்ளரில் பாதிக்குப் பாதி டிகாஷன் விடுகிறேன். எவ்வளவு ஆற்றினாலும் நுரை உடனே அடங்கிவிடுகிறது, சூடும் போய்விடுகிறது. கை சரியில்லையா, பால் சரியில்லையா?

தி., மயிலாடுதுறை

அன்புள்ள தி.,

கையிலும் பாலிலும் குறையில்லை. டிகாஷன்தான் தண்ணீராக இருக்கிறது. நுரை அடங்குவதும் சூடு போவதும் அதன் விளைவு.

நுரையைத் தாங்கி நிறுத்துவது பாலில் உள்ள புரதம். பாதி டம்ளர் டிகாஷன் என்றால் புரதமும் பாதிதான். சூட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மில்லி காபியில், 30 டிகிரிக்கு ஆறிப்போன டிகாஷன் 75 மில்லியும் 90 டிகிரிப் பால் 75 மில்லியும் சேர்ந்தால் கலவை 60 டிகிரிக்கு வந்துவிடும். அதை நான்கு முறை ஆற்றினால் வெதுவெதுப்புதான் மிஞ்சும். அதே டிகாஷன் 40, பால் 110 என்றால் தொடக்கமே 74 டிகிரி. ஆற்றுவதற்குச் சூடு மிச்சம் இருக்கும். ஆக, 40 மில்லியிலேயே ருசி முழுதும் இறங்குகிற டிகாஷன் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் கள்ளிச்சொட்டு என்பார்களே, அது.

இரண்டு டம்ளருக்கு 30 கிராம் தூள் போடுங்கள். உங்கள் மூன்று ஸ்பூன் தலைதட்டி அளந்ததென்றால், பெரிய ஸ்பூனாக இருந்தாலும் 15, 18 கிராமுக்கு மேல் வராது. தண்ணீர் 140 மில்லி போதும். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். 60 அதில் போக, கீழே 80 மில்லி இறங்கும். தலைக்கு 40.

தூளைப் போட்டுப் பில்டரை ஒரு தட்டு தட்டிச் சமன் செய்து, குடையை மேலே வைத்து லேசாக அமுக்குங்கள். கொதித்த தண்ணீரில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் சுற்றி விட்டு, தூள் நனைந்து உப்ப அரை நிமிடம் கொடுங்கள். பிறகு மீதியை ஊற்றி மூடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய இருபது நிமிடமாவது ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் ஓடிவிட்டால், அரைப்பு பெருவெட்டாக இருக்கிறது, அல்லது தூள் அமுங்கவில்லை. ஒரேயடியாக நின்றுபோனால் தூள் மாவாக அரைபட்டிருக்கும், அல்லது சிக்கரி அதிகம்; சிக்கரி நீரில் ஊறி வழியை அடைக்கும். சில சமயம் கீழ்ப் பாத்திரத்துக் காற்று வெளியேற வழியில்லாமலும் நிற்கும். மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வைத்தால் மறுபடி இறங்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். சிக்கரி வெறும் தண்ணீரையும் கறுப்பாக்கிக் காட்டும். நூற்றுக்கு இருபதுக்கு மேல் சிக்கரி தேவையில்லை என்பது என் கட்சி. இரண்டாவது தடவை தண்ணீர் விட்டு எடுக்கும் டிகாஷனை முதலாவதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். (டிகிரி காபி என்ற பெயரே பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்ததால் வந்தது என்று கும்பகோணத்தில் சொல்வார்கள். இப்போது நெடுஞ்சாலை நெடுக அந்தப் பலகை தொங்குகிறது, பால் எப்படியோ.) 4.5 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் பாலே போதும். பொங்கியதும் இறக்கி, ஆடை படியுமுன் ஊற்றிவிடுங்கள். ஆடை விழுந்த பாலை மறுபடி மறுபடி காய்ச்சினால் நுரையும் குறையும், ஆடைத் துணுக்குகள் வாயில் தட்டும். டிகாஷனை அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். ஆறியிருந்தால் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்தெடுங்கள்.

சர்க்கரை டம்ளருக்கு ஒன்றரை டீஸ்பூன். அதை முதலில் போட்டு, மேலே டிகாஷன் விட்டுக் கரைத்த பிறகுதான் பால். கடைசியில் போட்டால் பாதி டபராவின் அடியில் தங்கும். முதல் வாய் கசப்பு, கடைசி வாய் பாகு. கசப்பு தூக்கலாக இருக்கிறதென்று இரண்டரை ஸ்பூன் போடத் தோன்றினால், சிக்கரியைக் குறையுங்கள்.

இனி ஆற்றல். 150 மில்லிக்கு 200 மில்லி டம்ளர் வேண்டும், நுரைக்கு இடம் வேண்டுமே. டபராவை இடக்கையில் தாழ்த்திப் பிடித்து, டம்ளரை அதன் விளிம்பருகே சாய்த்துத் தொடங்குங்கள். ஊற்றிக்கொண்டே டம்ளரை ஒரு முழம் உயர்த்துங்கள். தாரை பென்சில் கனத்தில் இருக்கட்டும். கனத்த தாரையில் பெரிய குமிழிகள் வந்து பட்பட்டென்று உடையும். மெல்லிய தாரை காற்றைப் பொடியாக அடித்து உள்ளே இறக்கும், அந்த நுரைதான் நிற்கும். டபராவிலிருந்து டம்ளருக்குத் திரும்புகையில் உயரம் பாதி போதும், வாய் சிறிது, சிந்தும். இப்படி மூன்று முறை. நான்காவது முறை டபராவிலிருந்து டம்ளருக்குச் சட்டென்று ஊற்றிவிடுங்கள், அடியில் தங்கிய நுரையும் கூடவே வந்து மேலே உட்காரும். ஐந்தாவது ஆற்று வேண்டாம், நுரை கூடாது, சூடுதான் குறையும்.