நீளமான ஜெர்மன் சொல்லை எங்கே வெட்டுவது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மொழித் தேர்வில் தேறித்தான் வந்தேன். ஆனால் என் பணி ஒப்பந்தத்தில் இருக்கும் கீழ்க்கண்ட சொல்லில் சிக்கிக்கொண்டேன். என் சிறிய அகராதியில் அது இல்லை. இடப்பக்கத்திலிருந்து பிரித்தபோது முதலில் "வேலை" என்றும், அடுத்து "திறமையற்ற" என்றும் பொருள் கிடைத்தது. என் திறமைக் குறைவுக்குச் சான்றிதழ் கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். இத்தகைய சொற்களைப் பிரிக்க முறை ஏதும் உண்டா?

```
Arbeitsunfähigkeitsbescheinigung
```

ம.

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். "அர்பைட்ஸுன்ஃபேயிஹ்கைட்ஸ்பெஷைனிகுங்" என்பது உடல்நலம் குன்றியதால் ஒருவர் இப்போது வேலை செய்யும் நிலையில் இல்லை என்று மருத்துவர் தரும் சான்று. பேச்சில் அதை "கிராங்க்‌ஷ்ரைபுங்" என்றோ, சுருக்கமாக "ஆ ஊ" என்றோ சொல்வதை உங்கள் இல்லத்திலேயே கேட்டிருப்பீர்கள். 32 எழுத்துகள் கொண்ட இச்சொல்லின் உறுப்புகளை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். தொடங்கிய பக்கமும், உறுப்புகளைச் சேர்த்த வரிசையும்தான் பிழைத்தன.

ஜெர்மன் கூட்டுச்சொல்லில் கடைசி உறுப்பே தலைமை உறுப்பு. அது எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அதன் ஒரு வகையைத்தான் முழுச் சொல்லும் குறிக்கும். முழுச் சொல்லின் பாலையும் பன்மை வடிவத்தையும் அதுவே தீர்மானிக்கும். தமிழிலும் "தேங்காய் எண்ணெய்" என்பது எண்ணெயின் வகைதானே தவிரத் தேங்காயின் வகை அன்று. எனவே கண்ணை வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கமாக நகர்த்த வேண்டும்.

உங்கள் சொல்லின் வலது ஓரத்தில் "உங்" என்ற விகுதி இருக்கிறது. அது வினையிலிருந்து பெயரை ஆக்குவது. அங்கிருந்து பின்னோக்கி வந்தால் சில எழுத்துகளுக்கு முன் "ஷைன்" என்ற சொல் தென்படும். அதற்கு ஒளி, பணத்தாள், சீட்டு என்று பல பொருள்கள் உண்டு என்பதால் அங்கேயே நின்றுவிடத் தோன்றும். நிற்கக் கூடாது. அங்கே வெட்டினால் அதற்கு முன்னால் "பெ" என்ற ஓரசை எதற்கும் சொந்தமில்லாமல் தொங்கும். வெட்டு சரியா என்பதற்கான சோதனை இதுதான்: இருபுறமும் உள்ள ஒவ்வோர் எழுத்தும் ஏதேனும் ஒரு சொல்லுக்கோ, முன்னொட்டுக்கோ, விகுதிக்கோ, இணைப்பெழுத்துக்கோ உரியதாக இருக்க வேண்டும். "பெ", "ஃபெர்", "என்ட்" போன்றவை வினைக்கு முன் வரும் முன்னொட்டுகள். அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், பெரும்பாலும் அதற்குச் சற்று இடப்புறமே வெட்ட வேண்டிய இடம். ஆக, தலைமை உறுப்பு "பெஷைனிகுங்", அதாவது எழுத்துவடிவச் சான்று. அது பெண்பால் என்பதால் முழுச் சொல்லும் பெண்பால்.

இனி அதற்கு முன்னால் உள்ளதைப் பாருங்கள். அது "கைட்ஸ்" என்று முடிகிறது. "கைட்" என்பது பண்பிலிருந்து பெயரை ஆக்கும் விகுதி; அதன் பின்னால் நிற்கும் எஸ் எழுத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. அதை வேற்றுமை உருபு என்றும் கொள்ள முடியாது, ஏனெனில் "கைட்" விகுதி பெற்ற பெண்பால் பெயர்கள் ஆறாம் வேற்றுமையில் எஸ் ஏற்பதே இல்லை. இரண்டு உறுப்புகளை ஒட்டவைக்க மட்டுமே அது வருகிறது. புளி, காய் என்ற இரண்டும் சேரும்போது நடுவில் "அம்" என்ற சாரியை வந்து "புளியங்காய்" ஆவதை நம் இலக்கணம் பேசுகிறது அல்லவா? இந்த எஸ் எழுத்தைச் சாரியை என்றே மனத்தில் பதித்துக்கொள்ளலாம். நீளமான சொற்களைப் பிரிப்பதில் எனக்கு இதைவிட உதவிய வேறொன்றில்லை, ஏனென்றால் கீழ்க்காணும் விகுதிகளில் முடியும் பெயருக்குப் பின் இன்னோர் உறுப்பு வந்தால் நடுவில் எஸ் வருவது ஏறக்குறைய உறுதி.

```
-ungs-  -heits-  -keits-  -schafts-  -ions-  -täts-
```

சொல்லின் நடுவில் இந்த எழுத்துக்கூட்டங்களில் ஒன்றைக் கண்டால், எஸ் எழுத்துக்கு அடுத்து வெட்டிப் பாருங்கள். அரசு அலுவலகக் கடிதங்களில் வரும் நெடுஞ்சொற்கள் பலவும் இந்த ஒரு வெட்டிலேயே பாதியாக உடைந்துவிடும். ஆனால் வெட்டிய பிறகு மேற்சொன்ன சோதனையை மறக்கக் கூடாது. பனிச்சறுக்கு வீரர்கள் தாவும் மேடைக்கு "ஷ்ப்ருங்‌ஷான்ட்ஸெ" என்று பெயர். அதிலும் மேற்கண்ட முதல் எழுத்துக்கூட்டம் இருக்கிறது. எஸ் எழுத்துக்கு அடுத்து வெட்டினால் வலப்பக்கம் மிஞ்சுவது சொல்லே அன்று. இங்கே "உங்" விகுதி இல்லை. தாவலைக் குறிக்கும் "ஷ்ப்ருங்" என்ற சொல்லின் பகுதியே அது. எஸ் எழுத்தோ அடுத்த உறுப்பின் முதலெழுத்து.

```
Sprung + Schanze
```

உங்கள் சொல்லுக்குத் திரும்புகிறேன். இடப்பாதியில் வேலையைக் குறிக்கும் "அர்பைட்", அதன் பின் மீண்டும் ஓர் எஸ் சாரியை, எதிர்மறை முன்னொட்டான "உன்", இயலும் நிலையில் உள்ள என்று பொருள்படும் "ஃபேயிஹ்", இறுதியில் "கைட்" ஆகியவை இருக்கின்றன. (அதே ஒப்பந்தத்தில் முதலாளியைக் குறிக்கும் "அர்பைட்கேபர்" என்ற சொல்லும் இருக்கும். அதில் சாரியை கிடையாது. "அர்பைட்" எங்கு எஸ் ஏற்கும், எங்கு ஏற்காது என்பது சொல்லுக்குச் சொல் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியது.)

இதுவரை வெட்டினோம். அடுத்தது எவற்றை முதலில் சேர்ப்பது என்ற கேள்வி. நீங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். "உன்ஃபேயிஹ்" என்ற சொல்லைத் தனியாக ஒரு மனிதர் மேல் ஏற்றிச் சொன்னால் அவர் திறமையற்றவர் என்றே பொருள்படும்; அது கடுஞ்சொல். அதைச் சான்றோடு முதலில் சேர்த்து, பிறகு வேலையை முன்னால் ஒட்டினால், உங்களைக் கலங்கச் செய்த பொருளே கிடைக்கும். ஆனால் மொழியில் வழங்கும் சேர்க்கை வேறு. "அர்பைட்ஸுன்ஃபேயிஹ்" என்பது சட்டத்திலும் மருத்துவத்திலும் வழங்கும் ஒரே பெயரடை. நோயால் வேலை செய்ய இயலாத நிலையில் உள்ள என்பதே அதன் பொருள். அதிலிருந்து அந்த நிலையைக் குறிக்கும் பெயர் பிறக்கிறது. அந்தப் பெயர் முழுமையடைந்த பிறகுதான் சான்று என்ற தலைமை உறுப்பு வந்து சேர்கிறது.

```
(Arbeit + s + unfähig + keit) + s + Bescheinigung
```

எனவே எத்தனை உறுப்புகள் இருந்தாலும் முதலில் சொல்லை இரண்டாக மட்டும் பிரியுங்கள். இரண்டு பாதிகளும் தனித்தனியே வழங்கும் சொற்களா என்று அகராதியில் பாருங்கள். இருந்தால் அதுவே சொல்லின் முதன்மையான மூட்டு. அதன் பிறகு ஒவ்வொரு பாதியையும் மேலும் பிரிக்கலாம். மூட்டு எங்கே என்று சில சமயம் சாரியையே காட்டிக்கொடுக்கும். முற்றத்து வாயில் என்ற பொருளுடைய "ஹோஃப்டோர்" என்ற சொல்லில் எஸ் இல்லை. ஆனால் முன்னால் ஓர் உறுப்பு சேர்ந்து, இடப்பாதி கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் கூட்டுச்சொல் ஆகிவிட்டால் எஸ் வந்துவிடுகிறது.

```
Hof + Tor = Hoftor
(Fried + hof) + s + Tor = Friedhofstor
```

இடப்பாதி ஏற்கெனவே ஒரு கூட்டு என்று அந்த எஸ் அறிவிக்கிறது. எல்லாச் சொற்களிலும் இப்படி நடப்பதில்லை என்றாலும், நடக்கும் இடத்தில் நம்பத்தக்க அடையாளம்.

அகராதிகள் சொல்லுக்கு நடுவே புள்ளியோ கோடோ இட்டுக் காட்டும் பிரிப்பை நம்பி ஏமாறாதீர்கள். அது வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான அசைப் பிரிப்பு. பொருள் மூட்டுகளோடு அசை முறிவுகளும் அதில் வேறுபாடின்றிக் கலந்திருக்கும்.

எழுத்தளவில் இரண்டு பிரிப்புகளும் சரியாக அமையும் சொற்களும் உண்டு. கீழே உள்ளது அவற்றில் பலரும் அறிந்தது.

```
Staubecken
Stau + Becken
Staub + Ecken
```

முதல் பிரிப்பில் அது அணையால் தேங்கும் நீர்த்தேக்கம். இரண்டாவதில் தூசி படிந்த மூலைகள். மேற்சொன்ன சோதனையில் இரண்டுமே தேறிவிடும். முன்பின் உள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலாவது அஃறிணைப்பால் ஒருமையாகவும் வரும். இரண்டாவது பன்மை மட்டுமே. எனவே முன்னால் "டாஸ்" என்ற சுட்டு இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. காதில் கேட்டால் குழப்பமே எழாது. இரண்டாவதில் "ஷ்டௌப்" என்று பகரத்தை வல்லோசையாக நிறுத்தி, சிறிது இடைவெளி விட்டு "எக்கென்" என்பார்கள். முதலாவதில் அந்தப் பகரம் மெல்லிய ஓசையுடன் அடுத்த உறுப்பின் தொடக்கமாக ஒலிக்கும். ஐயமான சொல்லைச் சக செவிலியர் ஒருவரிடம் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது அகராதியைவிட விரைவான வழி.

கடைசியாக ஒன்று. மூட்டுகளைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், உறுப்புகளுக்கு இடையிலான உறவைச் சொல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஜெர்மனில் ஆலிவ் எண்ணெய் ஆலிவிலிருந்து எடுப்பது. "பேபி எண்ணெய்" என்று அதே அமைப்பில் வரும் சொல் குழந்தைக்குப் பூசுவது. நாம் நீலகிரித் தைலத்தையும் தலைவலித் தைலத்தையும் எப்படிக் குழப்பிக்கொள்வதில்லையோ அப்படித்தான் இதுவும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே பொருந்துகிறது. மறைந்திருக்கும் உறவை உலக அறிவைக் கொண்டு நாமே நிரப்ப வேண்டும்.

உங்கள் சொல்லிலும் அந்த எல்லை இருக்கிறது. நோய் என்ற சொல்லோ மருத்துவர் என்ற சொல்லோ அதில் எங்குமே இல்லை. முதலாளிக்குச் செல்லும் சான்றில் என்ன நோய் என்று குறிப்பிடுவதும் இல்லை. எந்த நாள் வரை வேலை செய்ய இயலாது என்பதுதான் இருக்கும். எப்போது தேவைப்படும் என்பதையும் உறுப்புகள் சொல்லா. நோய் மூன்று நாட்காட்டி நாட்களுக்கு மேல் நீடித்தால், அதற்கடுத்த வேலை நாளுக்குள் மருத்துவர் அதை உறுதிசெய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி. முதலாளி அதற்கு முன்பே கேட்கவும் உரிமை உண்டு. நீங்கள் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், 2023 முதல் இந்தச் சான்றை முதலாளியே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மின்வழியில் பெற்றுக்கொள்கிறார். ஆனால் உடல்நலம் சரியில்லை என்பதை இல்லத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் நீங்களே. அதையும் முதல் நாளே, தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அச்சொல்லுக்கு அருகில் ஏதேனும் ஒரு நாள் எண்ணிக்கை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் உங்களுக்குரிய கெடு அதுதான்.