மில்க் திஸில் குளிசையும் ஈரல் கொழுப்பும்

கேள்வி: டொக்டர், எனக்கு 46 வயது, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் போடுகிறேன். மூன்று மாதத்துக்கு முதல் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றார்கள். அப்போது எஸ்ஜிபிடி 78, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 230,000. ஜெர்மனியில் இருக்கிற தங்கச்சி மில்க் திஸில் குளிசை அனுப்பினா, 140 மில்லிகிராம், நாளுக்கு மூன்று போடுகிறேன். இப்போது எஸ்ஜிபிடி 52. பின்னேரம் பியர் குடிப்பதையும் விட்டுவிட்டேன், நிறை 84 கிலோவில் இருந்து 80க்கு வந்திருக்கு. குளிசை வேலை செய்யுதுதானே? தொடர்ந்து போடலாமா?

பதில்: எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் ஈரல் கலங்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் ஏறும் நொதியங்கள். எஸ்ஜிபிடி 52க்கு இறங்கியது நல்ல செய்திதான், ஆனால் அந்தப் பேரைக் குளிசைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்களே கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள், பியரும் நான்கு கிலோவும், அவைதான் இங்கே பெரிய விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் இந்தக் குளிசைக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் அது முழுக்கப் பொய்யான பேர் இல்லை.

மில்க் திஸில் மத்தியதரைக் கடல் பக்கத்து முட்செடி, ஊதாப் பூ பூக்கும். அதன் விதையில் இருந்து எடுக்கும் சாறுதான் சிலிமரின். அது ஒரே மருந்து இல்லை, பல சேர்மங்களின் கலவை, அதில் முக்கியமானது சிலிபினின். இது ஈரல் கலங்களைக் காப்பாற்றுகிறது என்று சொல்பவர்கள் சில காரணங்கள் சொல்வார்கள்: கலத்தைத் தாக்கும் ஒட்சியேற்றப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது, கலத்துக்குள் காவலாக இருக்கும் குளுட்டதயோன் குறையாமல் பார்க்கிறது, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகிறது, ஈரலில் தழும்பு உண்டாக்கும் கலங்களை மந்தமாக்குகிறது. இவை எல்லாம் ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டிலும் எலியிலும் உண்மையாகவே காணப்பட்டவை.

ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது காளான். ஐரோப்பாவில் அமனிட்டா ஃபலோய்டஸ் என்று ஒரு நச்சுக் காளான் இருக்கிறது, தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் ஈரல் கருகிவிடும். அந்த நஞ்சு இரத்தத்தில் இருந்து ஈரல் கலத்துக்குள் நுழைய, கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு கடத்தும் புரதம் தேவை. சிலிபினின் அந்தப் புரதத்தைத் தடுத்துவிடுகிறது, ஆக நஞ்சு உள்ளே போவது குறைகிறது. அங்குள்ள வைத்தியசாலைகளில் இதை நாளொன்றுக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் சேலைனோடு நாளத்தில் ஏற்றுகிறார்கள். அதற்கும் முறையான ஒப்பீட்டுப் பரிசோதனை இல்லை (நஞ்சு குடித்தவரில் பாதிப் பேருக்கு மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது), இருந்தாலும் வழிமுறை தெளிவாக இருப்பதால் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஈரலில் இருப்பதோ கொழுப்பு. அது வெளியில் இருந்து வரும் ஒரு நஞ்சு அந்தப் புரதம் வழியாக நுழைவதால் வந்ததல்ல, உள்ளேயே சேர்ந்தது. நுழைவதைத் தடுத்து இதில் ஒன்றும் ஆகாது.

அடுத்த சிக்கல், வாயால் விழுங்கும் குளிசை. சிலிமரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும், உறிஞ்சப்பட்டதையும் ஈரல் உடனே மாற்றி பித்தத்தோடு வெளியே தள்ளத் தொடங்கிவிடும். கண்ணாடித் தட்டில் கலங்களைக் காப்பாற்றிய செறிவு, நீங்கள் மூன்று குளிசை போட்டு இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். தட்டில் நடந்ததை அப்படியே உடலில் எதிர்பார்க்க முடியாததற்கு இது ஒன்றே போதும்.

சரி, மனிதர்களில் போட்டுப் பார்த்தபோது என்ன நடந்தது? 1989இல் வியன்னா வைத்தியர்கள் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, உள்ள 170 பேரில், சிலருக்கு நாளுக்கு 420 மில்லிகிராம் சிலிமரினும் மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலிக் குளிசையும் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் சிலிமரின் பக்கம் 58 சதவீதம், மற்றப் பக்கம் 39 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இன்றைக்கும் விளம்பரங்களில் ஓடுவது இந்த ஆய்வுதான். ஆனால் 1998இல் ஸ்பெயினில், குடியால் சிரோசிஸ் வந்த 200 பேரில் இதைப் போலவே 450 மில்லிகிராம் கொடுத்து இரண்டு ஆண்டு பார்த்தார்கள், சிலிமரின் போட்டவர்களில் 15 பேர் இறந்தார்கள், போலி போட்டவர்களில் 14 பேர். அதாவது வித்தியாசமே இல்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கொக்ரேன் குழுவும், நேர்த்தியாக நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்தால் உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தது. 2012இல் அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு வழமையைவிட மிகக் கூடிய அளவு கொடுத்தும் எஸ்ஜிபிடி போலிக் குளிசையைவிட இறங்கவில்லை.

உங்களுக்கு மிகக் கிட்டவான ஆய்வு மலேசியாவில் நடந்தது, 2017இல் வெளிவந்தது. ஈரலில் கொழுப்போடு அழற்சியும் இருப்பதாக ஈரல் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிசெய்த 99 பேர், 49 பேருக்கு சிலிமரின் 700 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, 50 பேருக்குப் போலி, 48 வாரம். பிறகு மறுபடி துணுக்கு எடுத்தார்கள். முன்கூட்டியே இதுதான் முக்கிய அளவுகோல் என்று தீர்மானித்திருந்த முன்னேற்றம் சிலிமரின் பக்கம் 16 பேருக்கு, போலி பக்கம் 13 பேருக்கு. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. ஆனால் இரண்டாம் பட்சமாகப் பார்த்த தழும்பு 11 பேரில் குறைந்திருந்தது, போலி பக்கம் 3 பேரில்தான். இது கவனிக்க வேண்டிய விஷயம், நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும் முதல் கேள்வியில் தோற்ற ஆய்வின் இரண்டாம் கேள்வி ஜெயித்தால், அதை இன்னொரு ஆய்வு உறுதிசெய்யும்வரை பொறுக்க வேண்டும். 2019இல் வந்த 78 பேரின் அமெரிக்க ஆய்வு துணுக்கில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. அளவையும் பாருங்கள், மலேசியாவில் நாளுக்கு 2100 மில்லிகிராம், உங்களுடையது 420. அவர்கள் போட்ட அளவுக்கு நீங்கள் நாளுக்கு 15 குளிசை விழுங்க வேண்டும். (வேண்டாம், கணக்குக்குச் சொல்கிறேன்.) போத்தலில் 140 என்று போட்டிருப்பது சாறின் நிறையா, அதற்குள் இருக்கும் சிலிமரினின் நிறையா என்றும் பாருங்கள், 80 சதவீதச் சாறில் 140 மில்லிகிராம் சிலிமரின் கிடைக்க 175 மில்லிகிராம் சாறு வேண்டும்.

மலேசிய ஆய்வில் எனக்குப் பிடித்த எண் அந்த 13. வெறும் போலிக் குளிசை விழுங்கியவர்களில் நாலில் ஒருவருக்கு ஈரல் முன்னேறியிருக்கிறது. வருத்தம் தெரிய வந்ததும் ஆட்கள் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், நடக்கிறார்கள், அதைவிட எஸ்ஜிபிடி தானாகவே ஏறி இறங்கும் ஒன்று, ஏறியிருக்கும் நேரத்தில்தான் நாம் பரிசோதித்துப் பயப்படுகிறோம். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அடுத்த ரிப்போர்ட் இறங்கியிருக்கத்தான் வாய்ப்பு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இப்போது உங்கள் கணக்கு. 84இல் 4 கிலோ என்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம், ஈரல் கொழுப்பு கரையத் தொடங்குவது இந்த அளவில்தான். கியூபாவில் 293 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், நிறையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதமானவர்களுக்கு அந்தக் கொழுப்பு அழற்சியே இல்லாமல் போனது, 45 சதவீதமானவர்களுக்குத் தழும்பும் பின்வாங்கியது. எந்தச் சிலிமரின் ஆய்வும் இதற்குக் கிட்டவும் வரவில்லை. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 78 கிலோ, 10 சதவீதம் என்றால் 75 அல்லது 76. இன்னும் இரண்டு கிலோவை முதல் குறியாக வையுங்கள். இராத்திரிக் கொத்து ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் இருந்தால் அங்கே தொடங்கலாம்.

தழும்பு இருக்கிறதா என்று அறிய, நீங்கள் அனுப்பிய எண்களே ஓரளவு போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி (46 × 48 = 2208), பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் (230 × 8.83) சுமார் 2031. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.09. இது 1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. உங்களுக்கு சீனி வருத்தமும் இருப்பதால் இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை இரத்தம் கொடுக்கவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள்.

குளிசையால் கெடுதல் வருமா என்றால், பெரும்பாலும் இல்லை. வயிறு ஊதல், இளக்கமான மலம் சிலருக்கு வரும், சூரியகாந்தி, செவ்வந்திக் குடும்பப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரத்தச் சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடும், மெட்ஃபோர்மினோடு மட்டும் என்றால் அது பெரிதாகத் தொந்தரவு தராது, இன்சுலின் போடுபவர்கள் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போடுபவர்கள் தங்கள் கிளினிக்கில் சொல்லாமல் தொடவே கூடாது. எனக்கு அதிகம் கவலை தருவது, இதோடு இன்னும் மூன்று நான்கு மூலிகைப் பொடிகளைச் சேர்ப்பவர்கள்தான், பிறகு எஸ்ஜிபிடி திடீரென ஏறினால் எதனால் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். இன்னொன்று, யாராவது பரசிட்டமோல் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் வீட்டில் இருக்கும் மில்க் திஸிலைக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்று வேறு மாற்றுமருந்து உண்டு, நேரம் போகப் போக அதன் பலன் குறையும், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: இருக்கிற போத்தலை மூடி வையுங்கள், நடை, சாப்பாடு, பியர் இல்லாத பின்னேரம் எல்லாம் இப்போது போலவே இருக்கட்டும், எட்டு வாரம் கழித்து அதே ஆய்வுகூடத்தில் எஸ்ஜிபிடி பாருங்கள். 52க்குப் பக்கத்திலோ கீழேயோ நின்றால் குளிசை தேவைப்படவில்லை, தங்கச்சிக்கு அடுத்த பார்சல் காசு மிச்சம். சின்ன ஏற்றம் வந்தால், 58, 60 என்று, அதை வைத்து முடிவு எடுக்காமல் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 100ஐத் தாண்டினால், அல்லது அதற்கிடையில் கண் மஞ்சளானால், வயிறோ காலோ வீங்கினால், மலம் தார் போலக் கறுத்தால், எட்டு வாரம் வரை இருக்காமல் வைத்தியரிடம் போங்கள், போகும்போது அந்தப் போத்தலையும் கொண்டு போங்கள்.