சன்ஸ்கிரீன் டியூப் நாலு மாதம் வருகிறதா? அதுதான் சிக்கல்

"தினமும் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு பைக். எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் போட்டும் முகம் கறுக்குது. 50 கிராம் டியூப் நாலு மாசம் வருது. பிராண்டை மாத்தணுமா?"

பிராண்டை மாற்ற வேண்டாம் நண்பரே, அளவை மாற்றுங்கள். 50 கிராமை 120 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 0.4 கிராம்தான் வருகிறது. வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்ட டியூப்பில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் 50 என்ற எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தபோது கிடைத்தது. முகம், கழுத்து, காது சேர்த்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். நீங்கள் போடுவது மூன்றில் ஒரு பங்கு. பாதுகாப்பும் ஏறக்குறைய அதே கணக்கில் இறங்கிவிடும்.

பிசுபிசுக்கிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்றுதான் பலரும் குறைத்துப் போடுகிறார்கள். நானும் பட்டாணி அளவுதான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கிப் பூசி, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் இன்னொரு கோடு. இரண்டு தடவையாகப் போட்டால் திட்டுத் திட்டாக நிற்காது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

வெயிலிலேயே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நீங்கள் பகலில் உள்ளேயே இருந்தால், மாலை வெயிலோடு திரும்பும்போது கிளம்புமுன் மறுபடி போட்டால் போதும். ஆனால் நம்ம வேலூர் வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகத்தை அழுத்தித் துடைப்போமே, கைக்குட்டையோடு கிரீமும் போய்விடும். அப்புறமும் வெயிலில் போவதானால், மணி பார்க்காமல் மறுபடி போடுங்கள்.

சரியாகப் போட்டால் டியூப் ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. செலவு இடித்தால் விலை குறைந்த பெரிய டியூப்பாக வாங்குங்கள்.